எக்ஸ்ரே நன்றாயிருந்தும் தொடை இடுக்கு வலி நீடித்தால்

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பகுதித் தொழிற்சாலைகளிலிருந்து வருவோர் பலர் "இடுப்பு வலி" என்றே தொடங்குகின்றனர். தமிழில் இடுப்பு என்பது முதுகின் கீழ்ப்பகுதியையும் குறிக்கும், தொடை மூட்டையும் குறிக்கும். ஆகவே கையை எங்கே வைத்துக் காட்டுகிறார்கள் என்று நாங்கள் கவனிக்கிறோம். தொடை இடுக்கில் கை சென்றால் தொடை மூட்டையே முதலில் ஐயுறுகிறோம். அம்மூட்டின் வலி முழங்கால் வரை இறங்குவதுண்டு. அதனால் முதுகுத்தண்டுக்கும் முழங்காலுக்கும் படம் எடுத்து மாதங்களைக் கழித்தவர்கள் குறைவல்லர்.

தொடை எலும்பின் உருண்டையான தலைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. எலும்பு முறிவு, நெடுநாள் மது, ஸ்டீராய்டு மருந்து போன்றவற்றால் அவ்வோட்டம் தடைப்பட்டால், அங்குள்ள எலும்பு உயிரணுக்கள் மடிகின்றன. இதுவே ஏ.வி.என். எனப்படும் அவாஸ்குலர் நெக்ரோசிஸ்.

கொரோனாக் காலத்தில் இந்நோய் பலர் காதில் விழுந்தது. 2021-இல் மும்பை இந்துஜா மருத்துவமனையின் மருத்துவர் சஞ்சய் அகர்வாலாவும் உடன் பணியாற்றியோரும், கொரோனாவுக்கு ஸ்டீராய்டு பெற்றபின் இந்நோய்க்கு ஆளான மூவரைப் பற்றி எழுதினர். அவர்கள் பெற்ற பிரெட்னிசோலோன் சராசரியாக 758 மில்லிகிராம். தொற்று உறுதியாகிச் சராசரியாக 58 நாட்களிலேயே வலி தோன்றியிருந்தது. அதுவரை எண்ணியிருந்ததைவிட மருந்தின் அளவும் குறைவு, கால இடைவெளியும் குறைவு. இதைப் படித்துவிட்டு மருத்துவர் தந்த ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்துச் சீட்டின்றிக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதே எங்கள் கவலை.

எக்ஸ்ரே ஏன் முதலில் ஏமாற்றுகிறது? எக்ஸ்ரே காண்பது சுண்ணாம்புச் சத்தை. உயிரணு மடிந்தாலும் சுண்ணாம்பு அப்படியே நிற்பதால், மடிந்த எலும்பும் படத்தில் நலமாகவே தெரிகிறது. எம்.ஆர்.ஐ. காண்பதோ மச்சையிலுள்ள கொழுப்பையும் நீரையும். மடிந்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் இடையே உடல் செப்பனிடத் தொடங்கும் எல்லை, அதில் கருங்கோடாகத் தெரிகிறது.

எங்களிடம் வருவோர் பலரின் போக்கைச் சேர்த்து, கற்பனையாக ஒருவரைக் கொள்வோம். இரும்பு உருட்டாலையில் பணிபுரியும் 36 வயதினர். பல ஆண்டுகளாக மது அருந்துபவர். ஜனவரியில் வலது தொடை இடுக்கில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சம்மணமிட இயலவில்லை, காலை உட்புறம் திருப்பினால் வலி. மே மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் வலது தலையின் எடை தாங்கும் மேற்பகுதியில் அக்கோடு பெரிதாக வளைந்திருக்கிறது. வலியே இல்லாத இடது பக்கத்திலும் சிறியதொரு கோடு. முறிவு காரணமல்லாத இந்நோயில் இரு பக்கமும் பாதிக்கப்படுவது மிகச் சாதாரணம். ஆதலால் நாங்கள் இரண்டு மூட்டுகளையும் சேர்த்தே படமெடுக்கச் சொல்கிறோம்.

தலையின் உருண்டை வடிவம் இன்னும் கெடவில்லை. எலும்புக் கழுத்தின் வழியாகத் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் கோர் டிகம்ப்ரஷன் சிகிச்சைக்கு உரிய வேளை இதுவே. பாதித்த பகுதி சிறிதாயிருந்தால் அது நல்ல பலன் தரக்கூடும். பெரிதாயிருந்தால் அது செய்தும் தலை சரிவதுண்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

நம் தொழிலாளி விடுப்புக் கிடைக்காமல் சுமை தூக்குவதைத் தொடர்கிறார் என்போம். செப்பனிடும் உடல் பழைய எலும்பை அரித்து எடுக்கும் வேகத்துக்குப் புதிய எலும்பு கட்டப்படுவதில்லை. வலுவிழந்த எலும்பு, குருத்தெலும்புக்குச் சற்றுக் கீழே விரிசல் விடுகிறது. அடுத்த ஜனவரியில் படியேறும்போது வலி திடீரெனக் கூடுகிறது. தொடையை அகற்றி வைத்து எடுக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மெல்லிய பிறைக்கீற்று ஒன்று தெரிகிறது. நேராக மட்டும் எடுத்த படத்தில் இது தவறிவிடக்கூடும். பிறை தெரிந்தால் சரிவு தொடங்கிவிட்டது. துளையிடும் சிகிச்சையால் இனிப் பெரும்பயன் இல்லை. மேலும் ஆறு மாதங்களில் தலை தட்டையாகிறது. பின்னர் மூட்டின் இடைவெளி குறுகி, கிண்ணமும் தேய்கிறது. அந்நிலையில் எவரும் எக்ஸ்ரேயைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்; எஞ்சியிருப்பது பெரும்பாலும் மூட்டு மாற்று அறுவை மட்டுமே.

எல்லோருக்கும் இதே காலக்கணக்கு அமையாது. அவருடைய இடது பக்கச் சிறு கோடு ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கவும் கூடும். எனினும் அதற்கும் குறித்த இடைவெளியில் மறுபடம் தேவை. வரும்போது பழைய படங்களைத் தேதியுடன் கொண்டுவாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படமே வேண்டும். உட்கொண்ட மாத்திரைகளின் காலி அட்டைகளும் இருந்தால் நன்று.