நடந்துகொண்டே சுட வேண்டும், மூச்சும் விட வேண்டும்

வீடியோ கேம் ஒன்றில் துப்பாக்கி ஏந்திய வீரன் நடந்துபோகிறான். அவனுடைய நடை உண்மையில் ஒரு சின்னஞ்சிறு க்ளிப். இடக்கால், வலக்கால் என்று இரண்டே எட்டு, ஏறக்குறைய ஒரு வினாடி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஆனால் விளையாடுகிறவர் அவனைச் சும்மா நடக்க விடுவதில்லை. நடந்தபடியே சுடச் சொல்வார், சுவரோரம் சாய்ந்து எட்டிப்பார்க்கச் சொல்வார். ஓடிக் களைத்துவிட்டால் நெஞ்சு ஏறி இறங்கவும் வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் தனி க்ளிப் செய்துவிடலாமே என்றால், கணக்கு மிரட்டுகிறது. நடக்கும் திசைகள் எட்டு. அமைதியான மூச்சு, சற்று வேகமான மூச்சு, இரைப்பு என மூன்று. இடப்பக்கச் சாய்வு, வலப்பக்கச் சாய்வு, நேர்நிலை என மூன்று. சுடுவது, சுடாதது என இரண்டு. பெருக்கினால் 144 க்ளிப். வேறு மாதிரி உதைக்கிற இன்னொரு துப்பாக்கியைச் சேர்த்தால் மேலும் 72.

அதனால் அனிமேட்டர்கள் பெருக்கலை விட்டுக் கூட்டலுக்கு வந்தார்கள். இதற்கு அடிட்டிவ் அனிமேஷன் என்று பெயர். வீரன் மூச்சு விடும் க்ளிப்பை அப்படியே நடையின் மேல் போடுவதில்லை. மூச்சால் உடலில் என்ன மாறியதோ அந்த மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்து நடையோடு கூட்டுகிறார்கள். பிரித்தெடுக்க முதலில் கழிக்க வேண்டும். 2004இல் வந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டின் சோர்ஸ் இன்ஜினில், மாடலை விவரிக்கும் QC கோப்பில் இதற்கென்று <code>subtract</code> என்றே ஒரு கட்டளை உண்டு.

எதிலிருந்து எதைக் கழிப்பது? சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. வீரன் நின்றபடி மூச்சு விடும் நான்கு வினாடி க்ளிப்பை எடுத்துக்கொள்வோம். மூச்சை வெளியே விட்ட நிலையில் மார்பு எலும்பு 5 டிகிரி சாய்ந்திருக்கிறது; உள்ளே இழுத்து நிரப்பிய நிலையில் 3 டிகிரி. மூச்சை விட்ட அந்த முதல் ஃபிரேமை ரெஃபரன்ஸ் போஸாக வைத்துக் கழித்தால், மிஞ்சுவது மார்பு 2 டிகிரி நிமிரும் அசைவு மட்டும். நடையில் அதே எலும்பு 8 முதல் 12 டிகிரி வரை ஆடிக்கொண்டிருக்கட்டும், கவலையில்லை. அந்த 2 டிகிரி அதன்மேல் ஏறி இறங்கும், நடை நடையாகவே இருக்கும். (டிகிரியைக் கழிப்பதாகச் சொல்வது புரிவதற்காக. இன்ஜினுக்குள் ஒரு சுழற்சியை இன்னொன்றின் தலைகீழ்ச் சுழற்சியோடு பெருக்குகிறார்கள்.)

இங்கே ரெஃபரன்ஸ் தவறினால் கூத்துதான். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் டி-போஸ் மாடலோடு கூடவே வந்திருக்கும். கவனிக்காமல் அதையே ரெஃபரன்ஸாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், ‘கை 70 டிகிரி கீழே இறங்கியது’ என்பதும் மாற்றத்தில் சேர்ந்துவிடும். நடையிலோ கைகள் ஏற்கெனவே 70 டிகிரி இறங்கித்தான் இருக்கின்றன. இரண்டும் கூடினால் 140. கைகள் விலாவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: பிரித்தெடுத்த மாற்றத்தை, நின்றபடி எடுத்த அதே ரெஃபரன்ஸ் போஸின் மேல் கூட்டிப் பாருங்கள். மூச்சு விடும் மூல க்ளிப் அச்சு அசலாகத் திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கழித்ததில் கோளாறு.

மூச்சுக்கும் நடைக்கும் தாளம் ஒத்துப்போக வேண்டியதில்லை என்பது இந்த முறையில் இனாமாகக் கிடைக்கும் வரவு. நடை 1.1 வினாடி, மூச்சு 3.7 வினாடி என்று வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் தொடக்கத்துக்குத் திரும்ப 40.7 வினாடி ஆகும். ஒரு வினாடி க்ளிப்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மாற்றத்தை எந்த அளவுக்குக் கூட்டுவது என்பதையும் வெயிட் என்ற ஒரே எண்ணால் திருகலாம். நிற்கும்போது 1, குறிபார்க்கும்போது 0.3, ஓடி நின்றதும் 1.5. அதற்கு மேல் போனால் தோள்பட்டை கோணலாகத் தொடங்கும். இரைப்புக்குத் தனி க்ளிப் செய்வதே நல்லது.

மூச்சு ஓயாமல் சுற்றுவது. துப்பாக்கியின் உதைப்பு ஒரே வெட்டு. அந்த க்ளிப்பின் முதல் ஃபிரேமிலும் கடைசி ஃபிரேமிலும் மாற்றம் பூஜ்யமாக இருக்க வேண்டும். அப்போதுதான் நடையிலிருந்து கிளம்பி, சுவடில்லாமல் நடைக்கே திரும்ப முடியும். சிக்கல் தொடர்ச்சியாகச் சுடும்போது வருகிறது. ஏகே-47 நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு சுடும், அதாவது குண்டுக்கு 0.1 வினாடி. உதைப்பு க்ளிப்போ 0.3 வினாடி நீளம். முதல் உதைப்பு அடங்குமுன் அடுத்த குண்டு வந்துவிடுகிறது. அப்போது க்ளிப்பை முதலிலிருந்து ஓட்டினால், பாதி உயர்ந்து நிற்கிற துப்பாக்கி சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி எழும். பார்ப்பவர் கண்ணுக்குத் துப்பாக்கி நடுங்குவதுபோல் இருக்கும்.

இதற்கும் கூட்டலே மருந்து. பழைய உதைப்பை நிறுத்தாமல் புதியதை அதன்மேல் ஏற்றுகிறார்கள். உதைப்பின் உச்சம் 3 டிகிரி, 0.1 வினாடி கழித்து மிஞ்சுவது 1.5, மேலும் 0.1 வினாடி கழித்து 0.5 என்று வைத்துக்கொள்வோம். முதல் குண்டில் குழல் 3 டிகிரி எழும், இரண்டாவதில் 4.5, மூன்றாவதில் 5. அதன்பின் எத்தனை குண்டு சுட்டாலும் 5ஐத் தாண்டாது. மூன்றுக்கு மேல் உதைப்புகள் ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பதில்லையே.

சாய்வு வேறு ரகம். ‘ரெயின்போ சிக்ஸ் சீஜ்’, ‘பப்ஜி’ போன்ற விளையாட்டுகளில் கணினியில் ஆடுவோர் Q, E விசைகளை அழுத்திச் சாய்வார்கள். க்ளிப்பில் பெரும்பாலும் ஒற்றை போஸ்தான் இருக்கும்: 20 டிகிரி வலப்பக்கச் சாய்வு, முதுகெலும்பின் கணுக்களுக்குப் பங்கிட்டது. நேராக நிற்பவனுக்கு அழகாக இருக்கும். அவன் குறுக்காக நடக்கும்போது இடுப்பு 45 டிகிரி திரும்பிவிடுகிறது, நெஞ்சு மட்டும் முன்னால் பார்க்கிறது. இடுப்புக்கு மேலே உள்ள கணு, ‘வலப்பக்கம்’ என்பதை இடுப்பை வைத்துத்தான் புரிந்துகொள்ளும். பக்கவாட்டில் சாய வேண்டியவன் பாதி முன்னாலோ பின்னாலோ வளைவான். நேராக நடக்கையிலும் இடுப்பு ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் திரும்புவதால், சாய்ந்த தலை லேசாக வட்டமடிக்கும்.

இதற்காகவே அன்ரியல் இன்ஜினில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். Local Space என்பது மாற்றத்தை அந்தந்த எலும்பின் தாய் எலும்பை வைத்து அளக்கும். Mesh Space முழு உருவத்தையும் வைத்து அளக்கும். மூச்சுக்கு முன்னது போதும், அது நெஞ்சோடு ஒட்டிய விஷயம். சாய்வுக்கும் குறிபார்ப்பதற்கும் பின்னது தேவை. கணக்குச் செலவு கூடுதல்தான்; தெருவில் கூட்டமாக நடக்கும் நூறு பேருக்கு அதைப் போட வேண்டிய அவசியமில்லை.

எல்லாம் கூட்டி முடித்ததும் ஒரு கை நழுவியிருக்கும். இரண்டு கைகளும் வெவ்வேறு எலும்புத் தொடரின் முனையில் இருப்பதால், சிறு சிறு மாற்றங்கள் சேர்ந்து இடக்கை துப்பாக்கியை விட்டு ஓரிரு சென்டிமீட்டர் விலகும். அதனால் கடைசி வேலையாக, கை எங்கே இருக்க வேண்டும் என்பதிலிருந்து முழங்கையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு உள்ளங்கையைத் துப்பாக்கியிலேயே ஒட்டவைக்கிறார்கள். இதைக் கூட்டலுக்கு முன்னால் செய்தால் பயனில்லை, அடுத்த லேயர் வந்து கையை மறுபடி நகர்த்திவிடும்.

வீரன் தரையில் படுத்துத் தவழ ஆரம்பித்தால் இந்தச் சாய்வு க்ளிப் உதவாது. நின்ற உடலிலிருந்து கழித்தெடுத்த மாற்றம், ரெஃபரன்ஸுக்குக் கிட்டத்தட்ட ஒத்த உடல்நிலையில்தான் பொருந்தும். தவழ்பவனுக்குத் தவழும் போஸிலிருந்தே மூச்சு, உதைப்பு, சாய்வு மூன்றையும் புதிதாகக் கழித்தெடுக்க வேண்டும்.