பன்னிரண்டு நாள் அவகாசம் கேட்கும் கடிதம்

ஜிஎஸ்டி அலுவலகம் வியாபாரியிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால், அதன் சுருக்கம் DRC-01 என்ற படிவத்தில் இணையதளத்தில் ஏறும். எவ்வளவு வரி பாக்கி என்று அலுவலர் கருதுகிறார், ஏன் அப்படிக் கருதுகிறார், எந்தத் தேதிக்குள் பதில் வரவேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். பெரும்பாலும் முப்பது நாள் கிடைக்கும். பதில் கையில் இருந்தும், அதற்கான ஆதாரம் வேறு யாரிடமோ கிடக்கிற வியாபாரிக்கு இந்த முப்பது நாள் போதாமல் போகலாம். அப்போது அவகாசம் கேட்டு ஒரு கடிதம் எழுதவேண்டும். பலர் அதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்: "சில தவிர்க்க முடியாத காரணங்களால் பதில் தயாரிக்க இயலவில்லை. ஒரு மாத கால அவகாசம் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." இதைப் படிக்கும் அலுவலருக்கு எதுவும் தெரியவராது. என்ன தடை என்று தெரியாதபோது, ஒரு மாதம் கழித்து அது தீரும் என்று அவர் எப்படி நம்புவார்?

ஈரோட்டில் துணி வியாபாரம் செய்யும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2023-24ஆம் ஆண்டுக்கான நோட்டீஸ், ஜூன் 4ஆம் தேதியிட்டது. அவர் போட்ட இ-வே பில்களில் 40 பில்கள், மொத்தம் 60 லட்சம் ரூபாய் மதிப்புள்ளவை, விற்பனைக் கணக்கில் காணப்படவில்லை. எனவே 5 சதவீத வரியாக 3 லட்சம் ரூபாய் ஏன் வசூலிக்கக் கூடாது என்று அதில் கேட்டிருக்கிறார்கள். பதில் தரக் கடைசி நாள் ஜூலை 4.

சரக்கு சாலையில் போவதற்கு இ-வே பில் வேண்டும். அது விற்பனையாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நெய்த துணியைச் சாயப்பட்டறைக்குக் கூலி வேலைக்கு அனுப்பினாலும், வாங்கியவர் திருப்பி அனுப்பினாலும் பில் போடவேண்டி வரும். நம் வியாபாரியின் 40 பில்களில் 26 சாயப்பட்டறைக்குப் போனவை, 12 திரும்பி வந்த சரக்கு. மீதி 2 பில்கள் உண்மையிலேயே விற்பனை, 3,20,000 ரூபாய்க்கு. அவர் ரிட்டர்னில் காட்டத் தவறியவை. சாயப்பட்டறைக்குப் போனதை நிரூபிக்க டெலிவரி சலானும், சாயம் போட்டுத் துணி திரும்பி வந்ததற்கான சலானும், பட்டறைக்காரர் போட்ட கூலி பில்லும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். முதல் பட்டறை 15 பில்களுக்கான நகல்களைக் கொடுத்துவிட்டது. இரண்டாவது பட்டறையிடம் மீதி 11 இருக்கின்றன. அங்கே பழைய ஆண்டுக் கட்டுகளைப் பிரித்துத் தேடவேண்டும். ஜூலை 11ஆம் தேதிக்குள் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோட்டீஸை அவர் ஜூன் 17ஆம் தேதிதான் பார்த்தார். ஜிஎஸ்டி பதிவில் இருந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் முன்பு கணக்குப் பார்த்தவருடையவை. இது தமிழ்நாட்டில் மிகப் பரவலாக நடப்பது. நோட்டீஸ் இணையதளத்தில் "View Additional Notices and Orders" என்ற தனிப் பகுதியில் ஏறியது தெரியாமலே காலக்கெடு முடிந்து, பதில் இல்லாமலேயே உத்தரவு போடப்பட்டதாகச் சொல்லி 2024இல் வியாபாரிகள் பலர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்படிப்பட்ட பல வழக்குகளில், சர்ச்சைக்குரிய வரியில் 10 சதவீதத்தைக் கட்டச் சொல்லி, நீதிமன்றம் விவகாரத்தை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. வழக்குச் செலவும் கட்டிய பணமும் போய், வந்து நின்ற இடம் பதில் தரவேண்டிய பழைய இடம்தான்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வழக்கம்போல. பார்வையில் நோட்டீஸின் எண்ணும் தேதியும் தவறில்லாமல் இருக்கவேண்டும். பொருளில், இது இறுதிப் பதில் அல்ல, கால அவகாசம் கேட்கும் கடிதம் மட்டுமே என்பது வெளிப்படையாகத் தெரியவேண்டும். இல்லாவிட்டால் இதையே பதிலாக எடுத்துக்கொண்டு கோப்பை நகர்த்திவிடும் ஆபத்து உண்டு. உடல் பகுதி இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, பார்வையில் கண்ட நோட்டீஸுக்கு ஜூலை 4ஆம் தேதிக்குள் நான் பதில் தரவேண்டும். எனது ஜிஎஸ்டி பதிவில் முந்தைய கணக்காளரின் மின்னஞ்சலும் எண்ணும் இருந்ததால் நோட்டீஸை ஜூன் 17ஆம் தேதிதான் பார்த்தேன். அவற்றை மாற்ற விண்ணப்பித்துள்ளேன், ஒப்புகை இணைத்துள்ளேன். நோட்டீஸில் குறிப்பிட்ட 40 இ-வே பில்களில் 26 பில்கள் சாயப்பட்டறைக்குக் கூலி வேலைக்கு அனுப்பியவை, 12 பில்கள் திரும்பி வந்த சரக்குக்கானவை. இவற்றில் 27 பில்களுக்கான ஆவணங்களை இத்துடன் இணைத்துள்ளேன். மீதி 11 பில்களின் சலான் நகல்களை ஜூலை 11ஆம் தேதிக்குள் தருவதாகப் பட்டறையினர் கொடுத்த கடிதமும் இணைப்பில் உள்ளது. 2 பில்கள் விற்பனையே, ரிட்டர்னில் விடுபட்டுள்ளன. அதற்கான வரி ரூ.16,000-ஐ வட்டியுடன் செலுத்திவிட்டேன். நகல்களைச் சரிபார்த்து முழுப் பதிலை ஜூலை 16ஆம் தேதி சமர்ப்பிக்க அனுமதி வேண்டுகிறேன். நேரில் விளக்கமளிக்கவும் வாய்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஜூலை 16 என்ற தேதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பட்டறை தருவது 11ஆம் தேதி. சலான்களை இ-வே பில்லோடு ஒப்பிட இரண்டு மூன்று நாள், ஆடிட்டர் பார்த்துப் பதிலை ஏற்ற இரண்டு நாள். அலுவலர் கடிதத்தைப் படித்துக்கொண்டே இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கமுடியும். "ஒரு மாதம்" என்று கேட்டால் அப்படிப் போட்டுப் பார்க்க எதுவுமில்லை. தாராளமாகக் கேட்டால் பேரம் பேசிப் பாதியாவது கிடைக்கும் என்பது சந்தைப் பழக்கம். இங்கே அது எதிராகத்தான் வேலை செய்யும். கொடுத்த அவகாசத்திலும் பதில் வராமல் மறுபடி கேட்டால் முதல் கடிதத்தின் மதிப்பும் போய்விடும். போதிய காரணம் காட்டினால் விசாரணையைத் தள்ளிவைக்க அலுவலருக்குச் சட்டத்தின் 75(5)ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஒருவருக்கு மூன்று முறைக்கு மேல் தள்ளிவைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

காரணம் உண்மையாக இருக்கவேண்டும் என்பதற்கு, அறத்தைத் தவிர நடைமுறைக் காரணமும் இருக்கிறது. "உடல்நலமின்றிக் கடையே ஒரு மாதம் பூட்டியிருந்தது" என்று எழுதுகிறார் ஒருவர். அதே மாதத்தில் அவர் பெயரில் எத்தனை இ-வே பில் போடப்பட்டது, மாத ரிட்டர்ன் எந்த நாளில் தாக்கலானது என்பது அலுவலரின் திரையிலேயே தெரியும். ஒரு பொய் பிடிபட்டால், மற்ற 38 பில்களைப் பற்றிய உண்மையான விளக்கத்தையும் அவர் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார். நோட்டீஸைத் தாமதமாகப் பார்த்ததைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. சொல்வதே நல்லது, எப்படி நேர்ந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அலுவலர் எதை நீட்டிக்க முடியும், எதை முடியாது என்பதுதான் பலர் கவனிக்கத் தவறும் இடம். பதில் தரும் தேதியை அவர் நீட்டிக்கலாம். வட்டி ஓடுவதை நிறுத்த அவரால் முடியாது. கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அவகாசம் கிடைத்த நாட்களுக்கும் சேர்த்தே ஓடும். மோசடி இல்லாத வழக்குகளில், 2023-24 வரையிலான ஆண்டுகளுக்கு 73ஆம் பிரிவு பொருந்தும். நோட்டீஸ் வந்த முப்பது நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டினால் அபராதம் இல்லை என்கிறது அந்தப் பிரிவு. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கான 74ஏ பிரிவில் இது அறுபது நாள். இந்தக் கெடு சட்டத்தில் எழுதப்பட்டது. பதிலுக்கு அவகாசம் கிடைத்துவிட்டது என்பதால் இதுவும் தள்ளிப்போகாது. அதனால்தான் நம் வியாபாரி, தான் ஒப்புக்கொள்ளும் 16,000 ரூபாயை ஜூலை 4க்கு முன்பே DRC-03 படிவம் மூலம் வட்டியோடு கட்டிவிட்டார். அந்தத் தொகைக்காவது வட்டி நின்றது. அதன்மேல் அபராதம் வேண்டாம் என்று வாதிடவும் வழி கிடைத்தது.

அலுவலருக்கும் ஒரு கெடு உண்டு. 73ஆம் பிரிவில், அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அவர் உத்தரவு போட்டாகவேண்டும். நோட்டீஸ் அதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாக வரவேண்டும். கெடு நெருங்கும் நேரத்தில் வந்த நோட்டீஸுக்கு நீண்ட அவகாசம் கேட்டால், தர மனமிருந்தாலும் அவரால் தர இயலாது. அப்போது ஒரு வாரம் கேட்பதே பலன் தரும்.

மேல்முறையீட்டில் கதவு இன்னும் இறுக்கமானது. உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். போதிய காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம். அதைத் தாண்டினால் மேல்முறையீட்டு அலுவலருக்கு அதிகாரமே கிடையாது. பழைய மத்திய கலால் சட்டத்தில் இதேபோல் அமைந்த விதியைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2007இலேயே இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அங்கே எவ்வளவு நேர்மையான கடிதமும் உதவாது.

கடிதத்தைக் கடைசி நாள் மாலை ஏற்றுவது வீண். ஜூன் கடைசி வாரத்திலேயே அனுப்பினால் அலுவலர் மறுக்கவும் நேரமிருக்கும், மறுத்தபின் நாம் வேறு வழி பார்க்கவும் நேரமிருக்கும். இணையதளத்தில் ஏற்றியதற்கான ஒப்புகையை எடுத்துவைக்கவேண்டும். நேரில் ஒரு பிரதியைத் தபால் பிரிவில் கொடுத்து, நம் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்வதும் நல்லது. பின்னால் மேல்முறையீட்டிலோ நீதிமன்றத்திலோ "கேட்டேன், கிடைக்கவில்லை" என்று சொல்ல அந்த முத்திரைதான் சாட்சி.

கடிதம் கொடுத்துவிட்டாலே அவகாசம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அனுமதி எழுத்தில் வரும்வரை ஜூலை 4 ஜூலை 4தான். அன்றுவரை பதில் வராவிட்டால், கையில் இருப்பதை வைத்து DRC-06 படிவத்தில் இடைக்காலப் பதிலை ஏற்றிவிடவேண்டும்: 27 பில்களின் ஆவணங்கள், கட்டிய 16,000 ரூபாயின் ரசீது, மீதி 11 பில்களின் பட்டியல், அவற்றின் ஆவணம் எந்தத் தேதியில் வரும் என்ற குறிப்பு. அந்தப் படிவத்தில் நேரில் விசாரணை வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் "ஆம்" என்று குறிக்கவேண்டும். எழுத்தில் கேட்டவருக்கும், பாதகமான முடிவு எடுக்கப்படவிருப்பவருக்கும் விசாரணை வாய்ப்பு தந்தாகவேண்டும் என்று 75(4)ஆம் பிரிவு சொல்வதால், விசாரணைக்குக் குறிக்கும் நாள் ஜூலை 11க்குப் பிறகு அமைந்தால் மீதி 11 சலான்களையும் அன்றே அலுவலரின் மேசையில் வைத்துவிடலாம்.