மீதியில் பிடிபடும் திருட்டு

ஒரு லேத் பட்டறையின் மாடியில் கணக்குப் பார்க்கும் கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழேயிருந்து மேலே போகும் நெட்வொர்க் கேபிளை, யாரோ வசதிக்காக மோட்டாரின் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மோட்டார் ஓடாத நேரத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மோட்டாரின் சுவிட்சைப் போட்டதும் உள்ளே ஒரு தீப்பொறி தெறிக்கிறது. அதன் அதிர்வு பக்கத்துக் கேபிளிலும் பாய்கிறது. அந்த நொடியில் கேபிளுக்குள் போய்க்கொண்டிருந்த தகவலில் சில 0-கள் 1 ஆகின்றன, சில 1-கள் 0 ஆகின்றன. பில் தொகையில் ஓர் இலக்கம் மாறியிருக்கலாம். ஆனால் கணினித் திரையில் தவறான தொகை ஒருபோதும் வருவதில்லை. வேகம் குறைகிறதே தவிர, எண் மாறுவதில்லை.

இதற்குக் காரணம் தகவலின் வாலில் ஒட்டிக்கொண்டு போகும் 4 பைட். ஈதர்நெட் கேபிளில் தகவல் மொத்தமாகப் போவதில்லை. ஃபிரேம் எனப்படும் சிறு பொட்டலங்களாகப் போகிறது. வழக்கமான ஃபிரேம் அதிகபட்சம் 1518 பைட் நீளம். அதன் கடைசி 4 பைட்டில் தகவல் எதுவும் கிடையாது. முன்னால் உள்ள எல்லா பைட்டுகளையும் வைத்துப் போட்ட ஒரு கணக்கின் விடை மட்டுமே அங்கே இருக்கும். அந்தக் கணக்கின் பெயர் சைக்ளிக் ரிடன்டன்சி செக், சுருக்கமாக சிஆர்சி. 1961-இல் டபிள்யூ. வெஸ்லி பீட்டர்சன், டி. டி. பிரவுன் இருவரும் எழுதிய கட்டுரையில்தான் இது முழு வடிவம் பெற்றது.

கணக்கு என்று பயப்பட வேண்டாம். நான்காம் வகுப்பில் போட்ட நீள் வகுத்தல்தான்.

வெறும் கூட்டல் போதாதா என்று கேட்கலாம். 4372 என்பதை அனுப்பும்போது 4+3+7+2 = 16 என்று கூட்டுத்தொகையையும் சேர்த்து அனுப்பினால், வழியில் அது 3472 ஆக மாறினாலும் கூட்டுத்தொகை அதே 16 தான். திருட்டு தெரியாது. வகுத்தல் அப்படி ஏமாறாது. 4372-க்குப் பின்னால் 76 சேர்த்து 437276 என்று அனுப்பினால், அது 97-ஆல் மீதியின்றி வகுபடும். இலக்கம் இடம் மாறி 347276 என்று போய்ச் சேர்ந்தால், 97-ஆல் வகுக்கும்போது 16 மீதி நிற்கும். வாங்குபவர் உடனே பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சிஆர்சி இதையே 0, 1 இரண்டையும் மட்டும் வைத்துச் செய்கிறது, ஒரு சலுகையோடு. இந்தக் கழித்தலில் கடன் வாங்குவதே கிடையாது. மேலும் கீழும் ஒரே இலக்கம் என்றால் விடை 0, வேறு வேறு என்றால் 1, அவ்வளவுதான். 1101 என்ற நான்கு பிட்டை அனுப்ப வேண்டும், இரு தரப்பும் பேசிவைத்துக்கொண்ட வகுத்தி 1011 என்று கொள்வோம். வகுத்தி நான்கு இலக்கம் என்பதால் மீதிக்கு மூன்று இடம் வேண்டும். எனவே தகவலுக்குப் பின்னால் மூன்று சைபர் போட்டு வகுக்கிறோம்.

```
1101000
1011
-------
0110000
 1011
-------
0011100
  1011
-------
0001010
   1011
-------
0000001
```

மீதி 001. ஈவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மூன்று சைபர் இருந்த இடத்தில் இந்த மீதியை வைத்து 1101001 என்று அனுப்பினால், அது 1011-ஆல் மீதியில்லாமல் வகுபடும். மறுமுனையில் இருப்பவர் வந்ததை அப்படியே வகுத்துப் பார்க்கிறார். மீதி 000 வந்தால் ஃபிரேம் உள்ளே. வேறெது வந்தாலும் குப்பையில்.

வழியில் மூன்றாவது பிட் மாறி 1111001 என்று வந்தால் மீதி 110 வரும். வாசகர் காகிதம் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். இப்போது தகவலையே மாற்றுவோம். 1101-க்குப் பதில் 1000 அனுப்பினால், மீதியோடு சேர்த்துப் போவது 1000101. இதிலும் அதே மூன்றாவது பிட் மாறி 1010101 ஆனால், மீதி மறுபடியும் அதே 110! அனுப்பிய செய்தி எதுவாக இருந்தாலும், அது வகுத்தியால் மீதியின்றி வகுபடுவதால் கணக்கிலிருந்து கழன்றுகொள்கிறது. மிஞ்சுவது சேதம் மட்டும்தான். எந்தெந்த இடத்தில் பிட் மாறியதோ அங்கெல்லாம் 1 போட்டு, மற்ற இடத்தில் 0 போட்டால் கிடைக்கும் எண்ணை வகுத்தாலும் இதே மீதிதான் கிடைக்கும்.

ஆக, எந்தச் சேதம் தப்பிக்கும் என்ற கேள்வி சுலபமாகிவிடுகிறது. சேதத்தின் வடிவமே வகுத்தியால் மீதியின்றி வகுபடுமானால் அது தப்பிக்கும். நம் உதாரணத்தில் கடைசி நான்கு பிட்டில் 1011 என்ற வடிவத்தில் அடி விழுந்தால், 1101001 என்பது 1100010 ஆக மாறும். மீதி 000. கெட்டுப்போன தகவல் நல்ல தகவலாக உள்ளே நுழைந்துவிடும். சிஆர்சியில் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவதுதான் இதில் சாமர்த்தியம்.

பட்டறைக்குத் திரும்புவோம். தீப்பொறி ஒரு பிட்டை மட்டும் குறிபார்த்து அடிப்பதில்லை. நொடிக்கு 100 மெகாபிட் ஓடும் கேபிளில் ஒரு பிட்டின் ஆயுள் 10 நானோ நொடி. கால் மைக்ரோ நொடி நீடிக்கும் ஓர் அதிர்வு, அடுத்தடுத்த சுமார் 25 பிட்டுகளைக் கலைத்துப் போடும். இப்படிக் கொத்தாக விழும் அடிக்கு ‘பர்ஸ்ட்’ என்று பெயர். ஈதர்நெட்டின் வகுத்தி 33 பிட் நீளம். பதினாறடிமான எண்ணில், தலையில் உள்ள 1-ஐ விட்டுவிட்டு `04C11DB7` என்று எழுதுவார்கள். 32 பிட்டுக்குள் அடங்கிய எந்தச் சேதமும் இந்த வகுத்தியைவிடச் சிறியது. சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்தால் மீதி நிற்காமல் எப்படிப் போகும்? அந்தச் சேதம் ஃபிரேமின் நடுவில் விழுந்தால் அதன் பின்னால் சைபர்கள் சேரும்; அதுவும் தப்பிக்க உதவாது. 7-ஆல் வகுபடாத 5-க்குப் பின்னால் எத்தனை சைபர் போட்டாலும் அது 7-ஆல் வகுபடாதுதானே? ஆகவே 32 பிட்டுக்குள் விழும் எந்தக் கொத்தடியும் நிச்சயம் பிடிபடும். 1518 பைட் ஃபிரேமில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி விழும் ஒன்று, இரண்டு, மூன்று பிட் தவறுகளும் அப்படியே. இதைவிட மோசமாகக் கலைந்துபோன ஃபிரேமில் மீதி தற்செயலாகச் சரியாக வர, ஏறக்குறைய 429 கோடியில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

பிடிபட்டதும் என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. ஈதர்நெட் அட்டை அந்த ஃபிரேமைச் சத்தமில்லாமல் எறிந்துவிட்டு, தன் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். யாருக்கும் புகார் போகாது. எதிர்பார்த்த தகவல் வந்து சேரவில்லை என்று மேலடுக்கில் உள்ள டிசிபி கண்டுகொண்டு மறுபடி அனுப்ப வைக்கும். அதனால்தான் பயனருக்குத் தெரிவதெல்லாம் மந்தம் மட்டும். லினக்ஸ் கணினியில் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். விடையில் வேண்டிய பகுதி மட்டும் இப்படி இருக்கும்:

```
$ ip -s -s link show eth0
RX errors:  length   crc  frame  fifo overrun
                 0   412      0     0       0
```

இங்கே `crc` என்பதன் கீழே நிற்கும் 412-ஐவிட, அது எப்போது ஏறுகிறது என்பதுதான் துப்பு. மோட்டார் கிளம்பும்போதெல்லாம் ஏறினால் கேபிளைப் பிரித்து வேறு வழியில் இழுக்க வேண்டும். யாராவது கேபிளைத் தொட்டு ஆட்டும்போது ஏறினால் முனையில் உள்ள இணைப்பு சரியில்லை.

இதில் அனுபவசாலிகளையே ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. சிஆர்சி ஏன் ஃபிரேமின் தலையில் இல்லாமல் வாலில் இருக்கிறது? வகுத்தலைச் செய்வது அட்டைக்குள் இருக்கும் ஒரு சிறு சுற்று. பிட்டுகள் வெளியே போகப் போக அது வகுத்துக்கொண்டே வரும். கடைசி பிட் வெளியேறும்போது மீதி தயாராக இருக்கும், அதை அப்படியே பின்னால் ஒட்டிவிடும். காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ‘கட்-த்ரூ’ வகை ஸ்விட்ச்சுகள் இன்னும் அவசரக்காரர்கள். ஃபிரேமின் தலையில் உள்ள முகவரியைப் படித்ததுமே அதை அடுத்த கேபிளில் தள்ள ஆரம்பித்துவிடுவார்கள். வால் வந்து, மீதி தப்பு என்று தெரியும்போது ஃபிரேமின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். எனவே கெட்டுப்போன ஃபிரேம் அடுத்த கேபிளிலும் பயணம் செய்து, குற்றமற்ற ஒரு கணினியின் கணக்கிலும் ஒன்று ஏற்றிவிடும். அந்தக் கணினியின் கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் எண் ஏறுவது நிற்காது. ஃபிரேம் வந்த வழியே ஒவ்வொரு ஸ்விட்ச்சாகப் பின்னோக்கிப் போய், உள்ளே வரும்போது தவறு முதலில் எந்த இணைப்பில் பதிவானது என்று தேட வேண்டும்.

முழு ஃபிரேமையும் வாங்கிச் சரிபார்த்த பிறகே அனுப்பும் ஸ்விட்ச்சில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ரவுட்டரில் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. ரவுட்டர் ஃபிரேமைப் பிரித்துப் பழைய 4 பைட்டை எறிந்துவிட்டு, உள்ளிருக்கும் பொட்டலத்தைத் தன் நினைவகத்தில் வைத்து, புது ஃபிரேம் கட்டி, புதிதாக சிஆர்சி போட்டு அனுப்புகிறது. நினைவகத்தில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு பிட் கெட்டுப்போனால், கெட்டுப்போன தகவலுக்கே கச்சிதமான சிஆர்சி கிடைத்துவிடும். அதன் பிறகு எந்த கேபிளிலும் அது பிடிபடாது.

இது வெறும் கற்பனையான பயமல்ல. ஜோனதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிஜ் இருவரும் இணையத்தில் ஓடும் உண்மையான பொட்டலங்களைப் பிடித்து ஆராய்ந்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிஆர்சி சோதனையைத் தாண்டி வந்த பொட்டலங்களில், டிசிபியின் எளிய கூட்டல் சோதனையில் தோற்றவை இடத்துக்கு இடம் 1,100-இல் ஒன்று முதல் 32,000-இல் ஒன்று வரை இருந்தன. 429 கோடியில் ஒன்று எங்கே, ஆயிரத்தில் ஒன்று எங்கே! பிழைகளின் மூலத்தைத் தேடிப்போனபோது அவர்கள் கண்டது இரைச்சல் மிகுந்த கம்பிகளை அல்ல. ரவுட்டர்களின் நினைவகம், நெட்வொர்க் அட்டைகள், இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் மென்பொருள். அந்தப் பொட்டலங்களைப் பிடித்துக் கொடுத்தது, 4372-க்கும் 3472-க்கும் வித்தியாசம் தெரியாத அதே கூட்டல் வகைக் கணக்குதான். அனுப்பும் கணினியில் ஒரு முறை போடப்பட்டு, வழியில் யாரும் புதுப்பிக்காமல், வாங்கும் கணினி வரை அது அப்படியே போய்ச் சேர்ந்திருந்தது.