குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை வரி

2025 செப்டம்பர் 28 அன்று சுவிட்சர்லாந்து மக்கள் வாக்குச்சீட்டில் ஒரு வரியை ஒழித்தார்கள். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் ஒழிக்கச் சொன்னார்கள். அது சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் கட்டிவந்த வருமான வரி. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அந்தத் தொகையை அவர்களுடைய சம்பளத்தோடு கூட்டி அந்நாட்டு அரசு வரி வாங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு காசும் வராத வாடகைக்கு வரி. பொருளியலாளர்கள் இதைக் கருத்தியல் வாடகை என்பார்கள்.

கேட்டதும் அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இதன் பின்னே இருக்கும் நியாயம் வலுவானது. அதை நம் ஊர் உதாரணத்திலேயே பார்க்கலாம். மதுரையில் சொந்த வீட்டில் குடியிருக்கும் ஒருவருக்குச் சென்னைக்கு மாற்றல் வருகிறது. மதுரை வீட்டை மாதம் 20,000 ரூபாய்க்கு விடுகிறார்; சென்னையில் அதே 20,000 ரூபாய்க்கு ஒரு வீட்டில் குடியேறுகிறார். அவர் கைக்கு வந்த பணம் அப்படியே போய்விட்டது. முன்பைவிட ஒரு ரூபாய்கூட அவர் வசதியாகவில்லை. ஆனாலும் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் வாடகை வருமானம் அவர் கணக்கில் ஏறுகிறது. அதில் 30 சதவீதத்தைச் சட்டப்படி கழித்தாலும் 1,68,000 ரூபாய்க்கு வரி உண்டு. சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி இல்லாதவரென்றால், சென்னையில் கொடுக்கும் வாடகையைக் காட்டி இதைக் குறைக்க வழி பெரிதாக இல்லை. மதுரையிலேயே இருந்திருந்தால் இந்த வரியே கிடையாது.

அதாவது, வீட்டில் போட்ட முதல் இருவிதமாகப் பலன் தரலாம்: பணமாகவோ, குடியிருக்கும் வசதியாகவோ. பணமாக வந்தால் வரி, வசதியாக வந்தால் வரி இல்லை என்பதால் ஒரே நிலையில் உள்ள இருவர் வேறுவேறு வரி கட்டுகிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் புள்ளியியல் துறைகள் சொந்த வீட்டுக்காரர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் இந்த வாடகையையும் சேர்த்துத்தான் கூட்டுகின்றன. அதை வருமானம் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவது வரித்துறைதான்.

சுவிஸ் அரசு தயங்கவில்லை. 1930களின் பொருளாதார நெருக்கடியில் அவசர வருவாய்க்காகக் கொண்டுவந்த வரியோடு இது நுழைந்தது; 1958-ல் நிரந்தரமானது. ஒவ்வொரு மாநிலமும் வீடுகளின் வாடகை மதிப்பைத் தானே நிர்ணயித்தது. சந்தை வாடகை முழுவதையும் யாரும் போடவில்லை; ஆனால் அதில் 60 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. வாடகையை வருமானம் என்று கொண்டால், அதை ஈட்ட ஆகும் செலவையும் கழிக்க விடவேண்டுமல்லவா? ஆகவே வீட்டுக் கடன் வட்டியையும் பராமரிப்புச் செலவையும் கழித்துக்கொள்ள அனுமதித்தார்கள். வரியும் கழிவும் ஒரே தராசின் இரு தட்டுகள். பின்னால் நடந்த எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இது முக்கியம்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ஆண்டுக்கு மேல் பழைய வீடு. வாடகை மதிப்பு ஆண்டுக்கு 20,000 பிராங்க். பராமரிப்புக்காக அதில் 20 சதவீதம், அதாவது 4,000 பிராங்க், கழிகிறது. மீதி 16,000. இந்த வீட்டின்மேல் 8,00,000 பிராங்க் கடன் இருந்து, வட்டி ஒன்றரை சதவீதமென்றால் வட்டி 12,000. வருமானத்தில் சேர்வது 4,000 மட்டுமே. வட்டி மூன்று சதவீதமானால் கட்டுவது 24,000. இப்போது வருமானத்தில் எதுவும் சேராது, 8,000 பிராங்க் குறையவே செய்யும். பக்கத்து வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் தம்பதி கடனை முழுதும் அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்குக் கழிக்க வட்டியில்லை. 16,000 பிராங்க் முழுதும் ஓய்வூதியத்தோடு கூடுகிறது. வரி விகிதம் 25 சதவீதமென்றால் ஆண்டுக்கு 4,000 பிராங்க் ரொக்கமாகக் கட்டவேண்டும்.

சிக்கனமாக வாழ்ந்து கடனை அடைத்தவர்மேல் முழு வரி விழுந்தது. கடனை வைத்திருப்பவர் தப்பித்தார். அதனால் சுவிஸ் மக்கள் கடனை அடைப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். வீட்டு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் கடனைக் குறைக்கவேண்டும் என்பது வங்கிகளின் விதி. அதற்கு மேல் அடைப்பவர்கள் அரிது. அதையும்கூட நேராக வங்கியில் கட்டாமல், வரிச்சலுகையுள்ள ஓய்வூதியச் சேமிப்பில் போட்டு அதையே ஈடாகக் காட்டும் முறை பரவியது. உலகிலேயே மிகப் பெரிய வீட்டுக்கடன் சுமை உள்ள குடும்பங்களில் சுவிஸ் குடும்பங்கள் முன்வரிசையில் நிற்பதற்கு இது ஒரு காரணம். இங்கே பலர் ஏமாந்தும் போனார்கள். 12,000 பிராங்க் வட்டி கட்டி 3,000 பிராங்க் வரியை மிச்சப்படுத்துவது தனியாகப் பார்த்தால் நட்டம். கடனை அடைக்காமல் வைத்திருக்கும் பணம் வேறிடத்தில் வட்டியைவிட அதிகம் ஈட்டினால்தான் அது லாபம்.

நல்ல நியாயம் உள்ள இந்த வரியை அப்படியிருந்தும் பெரும்பாலான நாடுகள் ஏன் வேண்டாமென்கின்றன? கையில் ரொக்கம் வராத வருமானத்துக்கு ரொக்கமாக வரி கேட்பது வயதானவர்களைத்தான் முதலில் தாக்குகிறது. வீடு பெரியது, ஓய்வூதியம் சிறியது. ஆனால் இந்த வரியை நடைமுறையில் கொல்வது மதிப்பீடுதான் என்பது என் கருத்து. பிரிட்டன் அதற்குச் சரியான உதாரணம்.

பிரிட்டனில் சொந்த வீட்டின் ஆண்டு மதிப்புக்கு வருமான வரி 1803-லிருந்தே உண்டு. 1960களின் தொடக்கத்தில் அரசு பயன்படுத்திக்கொண்டிருந்த மதிப்புகளோ 1930களின் நடுவில் போட்டவை. இரண்டாம் உலகப் போர் நடந்து முடிந்து, விலைவாசி பல மடங்கு ஏறி, அதற்கும் பல ஆண்டுகள் ஆகியும் அதிகாரிகள் பழைய பட்டியலையே புரட்டினார்கள். அதனால் வரி அற்பமாகிவிட்டது. புதிதாக மதிப்பிட்டால் லட்சக்கணக்கான வீட்டுக்காரர்களின் வரி ஒரே நாளில் எகிறும். தேர்தலை எதிர்நோக்கும் எந்த அரசும் அதற்குத் துணியாது. 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் வரியையே எடுத்துவிட்டார்.

இது வெள்ளைக்காரர் நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. நம் மாநகராட்சி சொத்து வரியும் ஆண்டு வாடகை மதிப்பை வைத்துத்தான் கணக்காகிறது. அது வேறு வரி, தொகையும் சிறியது. ஆனாலும் சென்னையில் 1998-ல் நடந்த பொதுச் சீராய்வுக்குப் பிறகு, 2018-ல் உயர்த்திப் பின்வாங்கி, 2022-ல்தான் உண்மையில் மாற்ற முடிந்தது. வாடகை மதிப்பைத் திருத்தாமல் விட்டால் ஒவ்வோர் ஆண்டும் திருத்துவது கடினமாகிக்கொண்டே போகும். சந்தை வாடகையே இல்லாத வீடுகளும் உண்டு. பக்கத்தில் எதுவும் வாடகைக்கு விடப்படாத ஒரு கிராமத்துப் பெரிய வீட்டுக்கு எந்த வாடகையை ஒப்பிட்டு மதிப்புப் போடுவது?

பிரிட்டன் செய்த பெரிய தவறு வரியை எடுத்தது அல்ல. கருத்தியல் வாடகை வருமானமில்லை என்று ஆனபின், அதை ஈட்டுவதற்கான செலவு என்ற பெயரில் வட்டியைக் கழிக்க நியாயமே இல்லை. ஆனாலும் வட்டிச் சலுகை தொடர்ந்தது. அதை மெல்ல மெல்லக் குறைத்து முழுதும் ஒழிக்க 2000 வரை ஆயிற்று. வாடகை வீட்டில் இருப்பவரின் வரிப்பணம் வீடு வாங்குபவரின் வட்டிக்கு உதவிய முப்பத்தேழு ஆண்டுகள் அவை. நெதர்லாந்து இன்னும் வரியை வைத்திருக்கிறது. ஆனால் அதற்காகச் சேர்க்கும் தொகை வீட்டு மதிப்பில் ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே. வட்டிக் கழிவோ அதைவிடப் பெரியது. பெயரளவுக்கு வரி, உண்மையில் மானியம்.

அதனால்தான் சுவிஸ் மக்களின் முடிவை நான் கவனத்தோடு பார்க்கிறேன். 1999, 2004, 2012 என மூன்று முறை இந்த வரியைத் தளர்த்தும் யோசனைகள் அங்கே வாக்கெடுப்பில் தோற்றன. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் வாடகைதாரர்கள். சலுகைகளை வைத்துக்கொண்டு வரியை மட்டும் விடச் சொன்னபோது அவர்களுக்குச் சம்மதமில்லை. இந்த முறை வரியோடு பராமரிப்புக் கழிவும் போகிறது. வட்டிக் கழிவும் பெருமளவு போகிறது. முதல் வீடு வாங்குபவர்களுக்கு மட்டும் சில ஆண்டுகள், படிப்படியாகக் குறையும் சிறு கழிவு மிஞ்சும்.

நட்டப்படுபவர்களும் இருக்கிறார்கள். வட்டி ஒன்றரை சதவீதமாக இருந்தால் அரசுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கோடி பிராங்க் குறையும் என்று அந்நாட்டு அரசே கணக்கிட்டது. வட்டி ஏறினால் இந்த இழப்பு சுருங்கும், ஏனென்றால் கழிவாகப் போயிருக்கக்கூடிய வட்டியும் அப்போது பெரிதாக இருக்கும். விடுமுறை வீடுகள் நிறைந்த மலை மாநிலங்கள் அந்த வீடுகளிலிருந்து வந்த வருவாயை இழக்கின்றன. அதற்கு ஈடாக இரண்டாம் வீடுகள்மீது தனி வரி போட மாநிலங்களுக்கு உரிமை கொடுத்தார்கள். வாக்கெடுப்பு நேரடியாக நடந்ததும் இந்த உரிமையைப் பற்றித்தான். அது வென்றால்தான் பழைய வரி போகும் என்று இரண்டையும் பிணைத்திருந்தார்கள். பெயின்டர்களும் கட்டுமானத் தொழிலாளர்களும் வேறொன்றுக்கு அஞ்சினார்கள்: கழித்துக்கொள்ள ரசீது வேண்டுமென்ற தேவை போனால், வீட்டுக்காரர்கள் ரசீதில்லாமல் வேலை வாங்கத் தொடங்குவார்கள். அந்தப் பயம் நியாயமானது.

இந்தியாவிலும் இந்த வரி இருந்ததுண்டு. வருமான வரிச் சட்டத்தின் வீட்டுச் சொத்து வருமானப் பிரிவில் சொந்தக் குடியிருப்புக்கும் ஆண்டு மதிப்புப் போட்டார்கள். அது மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் இருந்தது. 1987-88 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து குடியிருக்கும் ஒரு வீட்டின் மதிப்பைச் சுழியம் என்று ஆக்கினார்கள். 2019-ல் இந்தச் சலுகை இரண்டு வீடுகளுக்கு நீண்டது. மூன்றாவது வீட்டைப் பூட்டியே வைத்திருந்தாலும், வாடகைக்கு விட்டதாகக் கருதி இன்றும் வரி கேட்பார்கள். அந்த ஒரு மூலையில் கருத்தியல் வாடகை நம் சட்டத்தில் உயிரோடிருக்கிறது.

ஆனால் பிரிட்டனின் தவறையும் நாம் அப்படியே செய்தோம். வீட்டு மதிப்பு சுழியமான பிறகும், பழைய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கு ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் வரை வட்டிக் கழிவு உண்டு. சேராத வருமானத்திலிருந்து செலவைக் கழிக்கிறோம். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. சொந்த வீட்டுக்கு வரியும் இல்லை, அதன் கடனுக்குச் சலுகையும் இல்லை. வீட்டுக் கடன் வாங்கிய பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய மாதத் தவணையின் சுமை எனக்குப் புரிகிறது. ஆனாலும் சுவிஸ் மக்கள் தொண்ணூறு ஆண்டு வாதாடிப் பொதுவாக்கெடுப்பில் வந்து சேர்ந்த இடத்துக்கு, புதிய முறையில் நாம் விவாதமே இல்லாமல் வந்துவிட்டோம். பழைய முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தப் பொருந்தாத கழிவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.