சாம்பாரின் முதல் இரண்டு மணி நேரம்

றொசல்ல, வட்டவளை, ஹட்டன் பக்கம் மிஞ்சிய கறியைப் பற்றிப் பேச்செடுத்தால், "இந்தக் குளிருக்கு ராவைக்கு வெளியில வச்சாலே போதும், பிரிட்ஜ் எதுக்கு?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். மழையும் மூடுபனியுமாகக் கிடக்கும் ஊரில் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் நாம் கம்பளியைத் தேடும் குளிர் கிருமிக்கு ஒரு குளிரே அல்ல. கறியில் பெருகும் பக்டீரியாவை அடக்கி வைக்க 5 பாகை செல்சியசுக்குக் கீழே போக வேண்டும். விறகடுப்பு எரிந்து அணைந்த லயத்துக் காம்பராவில் அந்தக் குளிர் ஒருநாளும் வராது.

சாம்பார் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கான பதில், அதை பிரிட்ஜுக்குள் வைப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பின் அது எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது பாதி உண்மை. குளொஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ், பசிலஸ் சீரியஸ் என்ற இரண்டு பக்டீரியாக்கள் மண்ணிலும் பருப்பிலும் மசாலாத் தூளிலும் சாதாரணமாகவே இருக்கின்றன. சூடு ஏறும்போது இவை கெட்டியான ஓடு போர்த்திய வித்துகளாகத் தப்பிப் பிழைக்கும். கொதிக்கும் சூடு அந்த வித்துகளைக் கொல்வதில்லை. தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பிவிடுகிறது. கொதித்ததில் மற்றக் கிருமிகளும் செத்துவிட்டன, குழம்பில் கரைந்திருந்த ஒக்சிசனும் போய்விட்டது. ஒக்சிசன் இல்லாத இடத்தையே விரும்பும் பெர்பிரிஞ்சென்சுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது.

அதற்குப் பிடித்த சூடு 43 முதல் 46 பாகை வரை. அந்த வெதுவெதுப்பில் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மூன்று மணி நேரம் அப்படியே கிடைத்தால் பதினெட்டு முறை; கணக்குப்படி ஒன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

இப்போது இரவு ஏழு மணிக்கு இறக்கிய மூன்று லீட்டர் சாம்பாரை எடுத்துக்கொள்வோம். ஆழமான அலுமினியச் சட்டி, மேலே மூடி, கீழே இன்னும் தணல் உள்ள அடுப்பு. பருப்பு கரைந்த குழம்பு தண்ணீரைப் போல உள்ளுக்குள் சுழலாது. அதனால் ஓரம் ஆறினாலும் நடுப்பகுதி ஆறாது. பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது கரண்டியை அடிவரை விட்டுப் பார்த்தால் சூடு தெரியும். "இன்னும் ஆறல்ல, காலையில எடுத்து வைப்பம்" என்று மூடிவிட்டுப் போகிற நேரம்தான் மேலே சொன்ன கணக்கு ஓடுகிற நேரம்.

பெரிய சமையற்கூடங்களுக்குச் சொல்லப்படும் விதி, 60 பாகையிலிருந்து 21 பாகைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 பாகைக்கு மேலும் நான்கு மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்பது. வீட்டில் வெப்பமானி தேவையில்லை. சாம்பாரை இரண்டு மூன்று அகலப் பாத்திரங்களில், இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். பேசினில் பீலித் தண்ணீரைப் பிடித்து, பாத்திரத்தின் பாதி உயரம் வரை நிற்கும்படி அதில் வைத்துக் கிளறுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பானால் மாற்றுங்கள். மலைநாட்டுக் குளிர் உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான்; கொழும்புக் குழாய்த் தண்ணீரைவிட நம் பீலித் தண்ணீர் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஆவி அடங்கி, பாத்திரத்தைக் கையில் பிடிக்க முடிந்ததும் மூடி பிரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். முழுக்கச் சில்லிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படி வைத்த சாம்பார் மூன்று நாள் தாங்கும், நான்காவது நாள் எல்லை. தேங்காய்ப்பால் விட்ட கிழங்குக் கறி, சொதி, மீன் கறி ஆகியவற்றை நான் இரண்டு நாளுக்கு மேல் வைக்கமாட்டேன். புளி கூடிய குழம்புக்குக் கொஞ்சம் சலுகை உண்டு; புளிப்பு ஏற ஏற பக்டீரியாவின் வேகம் குறையும். பிரிட்ஜ் இல்லாத காலத்தில் புளிக்குழம்பை இரவும் காலையும் கொதிக்கவிட்டுச் சுண்ட வைத்துச் சாப்பிட்டார்கள் என்றால், தண்ணீர் வற்றி உப்பும் புளியும் ஏறியதால்தான் அது நடந்தது. அதே வித்தையைப் பருப்பு நிறைந்த சாம்பாரில் செய்தால் அவ்வளவு பலிக்காது.

பிரிட்ஜிலும் ஒரு மலைநாட்டுச் சங்கதி இருக்கிறது. வெப்பநாடுகளுக்கென்று செய்யப்படும் பிரிட்ஜ்களின் பின்தகட்டில் 'T' என்ற எழுத்து இருக்கும். சுற்றுப்புறம் 16 முதல் 43 பாகை வரை இருக்கும் இடத்துக்காகச் செய்தது என்று அதற்குப் பொருள். ஹட்டன், நுவரெலியா இரவுகள் 16க்குக் கீழே போகும். ஒரே தெர்மோஸ்டாட் உள்ள பிரிட்ஜில், வெளியே குளிர்ந்தால் கம்பிரசர் அபூர்வமாகத்தான் ஓடும். கீழ்த்தட்டு குளிராகவே இருந்தாலும் மேலே பிரீசரில் உள்ள மீன் மெல்ல இளகத் தொடங்கும். ஐஸ் கட்டியின் ஓரம் ஈரமாகத் தெரிந்தால் இதுதான் காரணமா என்று பாருங்கள். மின்வெட்டு வேறு கதை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். கதவைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் வரை பிரிட்ஜ் குளிரைப் பிடித்து வைக்கும். அதற்குமேல் போனால் பழைய கறியைக் கொட்டிவிடுவதே மேல்.

மோந்து பார்த்து முடிவெடுக்கலாமா? நுரையும் புளித்த வாடையும் நூல் விடுவதும் தெரிந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். ஆனால் நோய் தரும் இந்த இரண்டு கிருமியும் பெரும்பாலும் வாடையோ ருசியோ காட்டுவதில்லை. ஆகவே மூக்கை நம்புவதைவிட, பாத்திரத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி நாளை எழுதிவிடுவது எளிது.

இனிச் சூடாக்குவது. வேண்டிய அளவை மட்டும் வேறு சட்டியில் எடுங்கள். மொத்தத்தையும் சூடாக்கி மீண்டும் ஆறவிட்டால் வெதுவெதுப்பான நேரம் இன்னொரு முறை வருகிறது. குளிரில் பருப்பின் மாப்பொருள் இறுகிப் போயிருக்கும். கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு இளக்கி, அடியிலிருந்து மேலே கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். கெட்டிச் சாம்பார் ஏமாற்றும்: அடியில் குமிழ் வெடிக்கும், நடுவில் காய்த்துண்டு சில்லென்று இருக்கும். எல்லாப் பகுதியும் 74 பாகையைத் தாண்ட வேண்டும். நம் உயரத்தில் தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும், அதுவே தாராளம். கிளறிய பிறகும் எல்லாப் பக்கமும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். பெரிய உருளைக்கிழங்குத் துண்டு இருந்தால் நசுக்கிப் பாருங்கள், உள்ளிருந்து ஆவி வர வேண்டும். தேங்காய்ப்பால் கறி கொதியில் திரிந்தால் பயமில்லை, பார்வைக்குத்தான் குறை. மைக்ரோவேவில் வைத்தால் மூடி வைத்து, இடையில் ஒருமுறை கிளறி, எடுத்த பின் இரண்டு நிமிடம் விடுங்கள்.

இந்தச் சூடு பெர்பிரிஞ்சென்சைக் கொன்றுவிடும். அது உயிரோடு லட்சக்கணக்கில் வயிற்றுக்குள் போனால்தான் எட்டுப் பத்து மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் பேதியும் வரும். சீரியஸ் அப்படியல்ல. அதில் ஒரு வகை, கறியோ சோறோ வெளியில் கிடக்கும்போதே வாந்தி விஷத்தை அதிலேயே விட்டுவிடும். அந்த விஷம் பிரஷர் குக்கரின் சூட்டையும் தாங்கும். சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் சந்தேகம் அதன்மேல்தான் போக வேண்டும். இரவெல்லாம் அடுப்படியில் கிடந்த சாம்பாரைக் காலையில் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் சரியாகாது என்பது இதனால்தான்.

காலையில் சூடாக்கிய பழைய கறியைப் பெட்டியில் அடைத்து மலைக்கோ பள்ளிக்கோ அனுப்பினால், மத்தியானம்வரை அது திரும்பவும் அதே வெதுவெதுப்பில்தான் இருக்கும். பெட்டிக்குப் புதிதாகச் செய்த கருவாட்டுப் பொரியலையோ புளிக்குழம்பையோ வையுங்கள். பிரிட்ஜில் இருக்கும் சாம்பார் இரவுச் சோற்றுக்கு ஆகட்டும்.