புதிய பேட்ச்: மெயிலில் தேட வேண்டியது கால அட்டவணை

நவம்பர் பிறந்ததும் பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோருக்கு ட்யூஷன் சென்டர்களிலிருந்து மெயில் வரத் தொடங்கும். “அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்” என்ற முதல் வரிக்குக் கீழே போன வருடம் சென்டம் எடுத்தவர்களின் படங்கள் இருக்கும். அப்புறம் ‘தேர்ச்சி உறுதி’, ‘இடங்கள் குறைவு’. படிக்க வேண்டிய பகுதி இவற்றையெல்லாம் தாண்டித்தான் வருகிறது.

ஒரு மாதிரிக்கு, கணக்குப் பாடத்துக்கான பேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நவம்பர் முதல் வாரம் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை, வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். “முழுப் பாடமும் நடத்தப்படும், ஐந்து மாதிரித் தேர்வுகள் உண்டு” என்கிறது மெயில். பதினாறு வாரங்களில் அரையாண்டுத் தேர்வு, பொங்கல் என்று மூன்று வாரம் போனால் மிஞ்சுவது 39 வகுப்புகள். பொதுத் தேர்வு மூன்று மணி நேரம் என்பதால் ஒரு மாதிரித் தேர்வே இரண்டு வகுப்பை விழுங்கிவிடும். ஐந்து தேர்வுக்குப் பத்து வகுப்பு, திருத்திய விடைத்தாளை வைத்துத் தவறுகளை விளக்க இன்னும் ஐந்து. மீதி 24. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணக்கில் 12 அத்தியாயங்கள்.

ஆக, ஒரு அத்தியாயத்துக்கு இரண்டே வகுப்பு. பள்ளியில் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்குத் திருப்புதலாக இது போதும். தொகையீடு என்றாலே திணறும் பிள்ளைக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க இது காணாது. நேர்மையான மெயில் ‘இது திருப்புதல் பேட்ச்’ என்று சொல்லிவிடும்.

மாதிரித் தேர்வையும் விசாரிக்கலாம். உண்மையான வினாத்தாள் 90 மதிப்பெண்ணுக்கு. அதில் இரண்டு மார்க் பகுதியிலும் மூன்று மார்க் பகுதியிலும் ஒவ்வொரு கட்டாய வினா உண்டு, 30-வதும் 40-வதும். மற்றவற்றில் தெரியாததை விட்டுவிடலாம், இவற்றை விட முடியாது. எந்த அத்தியாயத்திலிருந்தும் வரலாம் என்பதால் ‘முக்கிய வினாக்கள்’ பட்டியலை மட்டும் நம்பியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். அரைமணி நேர ஒரு மார்க் டெஸ்ட்டை மாதிரித் தேர்வு என்று எண்ணிக்கையில் சேர்த்திருந்தால், இந்தப் பயிற்சி கிடைக்காது.

‘தேர்ச்சி உறுதி’ என்ற வரி? மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், மதிப்பெண்ணுக்கோ ரேங்குக்கோ உத்தரவாதம் தரக்கூடாது என்கிறது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களை மனதில் வைத்து மாநிலங்களுக்குச் சொன்ன அறிவுரை அது, சட்டமல்ல. முழுக் கட்டணம் கட்டிய மாணவர் இடையில் நின்றால், மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தரவேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

பணம் கட்டுமுன் அதே மெயிலுக்குப் பதில் போட்டு, தேர்வுத் தேதிகளையும் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.