80-இல் மணி அடிக்கும், சார்ஜ் நிற்காது

சார்ஜ் 80 சதவீதம் ஏறியதும் எச்சரிக்கும்படி ஐபோனின் ஷார்ட்கட்ஸ் செயலியில் ஆட்டோமேஷன் ஒன்றைப் போட்டுவைத்துவிட்டால் பேட்டரி தப்பித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தகவல் சொல்வதோடு சரி. சார்ஜரிலிருந்து வரும் மின்சாரத்தை நிறுத்தும் கட்டளை அந்தச் செயலியில் இல்லை. கேபிளைக் கழற்ற ஆள் விழித்திருக்க வேண்டும்.

ஐபோன் 13 ஒன்றை இரவு 11 மணிக்கு 35 சதவீதத்தில் சார்ஜில் போட்டுவிட்டு ஒருவர் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவு வாக்கில் 80 தாண்டுகிறது, அறிவிப்பும் வருகிறது. ஆனால் தூக்க நேரத்துக்கான ஃபோகஸ் அதை ஓசையின்றி ஓரங்கட்டிவிடுகிறது. பிறகு 100-ஐத் தொட்டு, காலைவரை அதே நிலையில் கிடக்கிறது. லித்தியம் அயான் பேட்டரிக்கு ஆகாதது இதுதான். முழு சார்ஜில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். உள்ளே வேண்டாத வேதிவினைகள் நடந்து கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறையும். தலையணைக்கு அடியில் போன் சூடேறினால் அந்தத் தேய்மானம் இன்னும் வேகமெடுக்கும்.

இதைவிட மோசம், 'ஆட்டோமேஷன்தான் இருக்கிறதே' என்று Optimized Battery Charging வசதியை அணைத்துவைப்பது. 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இருக்கும் இந்த வசதி, உரிமையாளரின் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு, 80-இல் காத்திருந்து, எழும் நேரத்தை ஒட்டி மீதியை ஏற்றும். தூங்குகிறவருக்கு உண்மையில் உதவுவது அதுதான். அது வேலை செய்யும் இரவில் உங்கள் எச்சரிக்கை விடியற்காலையில்தான் ஒலிக்கும். பழுது என்று பயப்பட வேண்டாம்.

அமைக்கும்போதும் கவனம் தேவை. Equals 80% என்று வைத்தால், பகலில் சார்ஜ் இறங்கிவரும்போதும் 80-இல் கத்தும். இரண்டு நாளில் காது பழகிவிடும், பிறகு எதையும் பொருட்படுத்த மாட்டோம். Rises Above 80% தான் சரி. ஆனால் 85-இல் கேபிளைச் செருகினால் அது வாய் திறக்காது, ஏனென்றால் எல்லையைத் தாண்டும் கணத்தில் மட்டுமே அது விழிக்கும். Run Immediately என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் உங்கள் அனுமதிக்காகக் காத்துக்கிடக்கும். வெறும் அறிவிப்பை நம்பாமல் Speak Text சேர்த்தால் போன் வாய்விட்டே சொல்லும், வால்யூம் பூஜ்யத்தில் இல்லாதவரை.

உங்கள் ஏற்பாடு பலிக்கிறதா என்பதை அமைப்புகளில் உள்ள பேட்டரி வரைபடம் காட்டிக்கொடுக்கும். இரவு நேரம் முழுவதும் பட்டைகள் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தால் எச்சரிக்கை வீண்.

ஐபோன் 15 முதல் வந்த மாடல்களில் இந்தச் சுற்றுவழியே வேண்டாம். 80 சதவீத வரம்பு போனுக்குள்ளேயே இருக்கிறது, அது சார்ஜை நிஜமாகவே நிறுத்தும். அளவுக் கணக்கு பிசகாமலிருக்க எப்போதாவது 100 வரை ஏற்றும், அது இயல்பு. பழைய போன்காரர்கள் ஆப்பிள் ஹோம் செயலியில் சேரும் ஸ்மார்ட் பிளக் வாங்கினால், அதே ஆட்டோமேஷனைக் கொண்டு பிளக்கையே அணைக்கலாம். பிளக் இல்லையென்றால் எச்சரிக்கையை விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இரவை Optimized Battery Charging-இடம் விட்டுவிடுங்கள்.